தினம் 25 நிமிடம்தான்: வேக நடையா, தசைப் பயிற்சியா?

வயது நாற்பத்தைந்து, நாள் முழுக்க நாற்காலி, காலையில் கிடைப்பது 25 நிமிடம். அதை எதற்குக் கொடுப்பது?

இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முதலில் கைகொடுப்பது நடைதான். ஆனால் வேகம் வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. போனைப் பார்த்தபடி தெருவைச் சுற்றுவது கணக்கில் சேராது.

நடை அதிகம் தராதது தசைவலு. நடுவயதில் தசை மெல்லக் கரைகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஆடாத மேசையில் கை ஊன்றித் தண்டால், புத்தகம் நிரப்பிய பையைக் குனிந்து இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும். சுலபமாக முடிந்தால் பையில் இன்னும் இரண்டு புத்தகம் வையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான ஏரோபிக் பயிற்சி, அதோடு 2 நாள் தசைப் பயிற்சி. என் பரிந்துரை: செவ்வாய், வெள்ளி தசைக்கு, வேறு நான்கு காலைகள் நடைக்கு, அது 100 நிமிடம். மீதி 50, அலுவலக நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிட வேக நடையில் வந்துவிடும்.