மொழியின் தாளத்தை எந்த அளவால் அளப்பது? ஒரு தோட்ட லயத்து வீட்டுப் பதிவை வைத்து

தமிழ் அசைக்காலத் தாள மொழி, ஆங்கிலம் அழுத்தக்காலத் தாள மொழி என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முதல் வகையில் அசைகள் சம நேரம் எடுக்கும். இரண்டாவதில் ஓர் அழுத்தத்திலிருந்து அடுத்த அழுத்தம் வரை சம நேரம் ஆகும். 1945இல் மொழியியலாளர் பைக் இந்தப் பெயர்களை வைத்தார். 1967இல் ஆபர்குரோம்பி உலக மொழிகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும் என்றார். ஆனால் பதிவுகளை அளந்து பார்த்தபோது அந்தச் சமநேரம் எந்த மொழியிலும் கிடைக்கவில்லை.

அதனால் ஆய்வாளர்கள் வேறு கணக்குகளுக்குப் போனார்கள். 1999இல் ராமுஸும் உடன் ஆய்வாளர்களும் தந்த அளவுகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். பேச்சு நேரத்தில் உயிரொலிக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பது ஒன்று. மெய்யொலித் துண்டுகளின் நீளம் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பது மற்றது. 2002இல் கிரேபும் லோவும் அடுத்தடுத்து வரும் இரண்டு உயிர்களின் நீள வேறுபாட்டை அந்த நீளங்களின் சராசரியால் வகுத்து, எல்லாச் சோடிகளுக்கும் சராசரி எடுத்து நூறால் பெருக்கினார்கள். இதைச் சோடி அளவு என்போம். அழுத்த மொழிகளில் அழுத்தமில்லாத உயிர் சுருங்கிவிடும், அதனால் இந்த எண் உயரும் என்பது எதிர்பார்ப்பு. அவர்களுடைய அட்டவணையில் ஆங்கிலத்துக்கு 57, தமிழுக்கு 56. தமிழைப் பேசியவர் ஒரே ஒருவர்.

ஏன் இப்படி? இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என் பெரியம்மா பேசியதைக் கைபேசியில் பதிந்தேன். இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மில்லி செக்கன் எண்களைக் கணக்குக்கு வசதியாக நானே வைக்கிறேன்.

“மழ விடல.” கொழுந்துக்குப் போகாததற்குக் காரணம் கேட்டபோது சொன்னது. ஐந்து உயிரும் குறில். 60, 70, 60, 70, 90 என்று வைத்தால் சோடி அளவு 18. ஐயமில்லாத அசைக்கால மொழி!

“மாமி காசு கேட்டா.” நெடிலும் குறிலும் மாறி மாறி வருகின்றன. 140, 70, 140, 70, 140, 160 என்றால் சோடி அளவு 56. அதே பெரியம்மா, அதே மொழி, அதே காலைநேரம். இங்கே எண்ணை உயர்த்தியது அழுத்தம் அல்ல, சொல்லிலேயே இருக்கும் நெடில். எந்த வாக்கியத்தைத் தேர்ந்தோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘காசு’வின் கடைசி உகரத்தில் இருக்கிறது. அது குற்றியலுகரம், இலக்கணம் அதற்கு அரை மாத்திரைதான் தருகிறது. பேச்சில் அது 40 மில்லி செக்கனாகக் குறுகி, குரலே இல்லாமல் காற்றாகவும் போய்விடும். 40 என்று கணக்கில் சேர்த்தால் சோடி அளவு 74. “இது உயிரே இல்லை, மெய்யோடு சேர்த்துவிடு” என்றால் 37. ஒரே பதிவில் ஒலிகளின் எல்லைகளுக்கு இரண்டு பேர் கோடு போட்டால் ஒருவருக்கு அழுத்த மொழி, மற்றவருக்கு அசை மொழி. எங்கள் பதிவில் தகரக் கூரையில் விழும் மழை வேறு. மழையின் இரைச்சலும் ‘சு’வின் உரசலும் அலைப்படத்தில் ஒரே மாதிரி இருப்பதால், உகரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்லவே முடியவில்லை.

சரி, மற்ற அளவுகள் எப்படி? மெய்த்துண்டுகளை 70, 60, 80, 100, 80, 150 என்று வைப்போம். உகரத்தைச் சேர்த்தால் உயிரின் பங்கு நூற்றுக்கு 56, விட்டால் 53. கொஞ்சம்தான் ஆடுகிறது. மெய்ச்சிதறலோ 29இலிருந்து 61க்குப் பாய்கிறது, ஏனென்றால் உகரத்தை விட்டதும் ச, உகரம், க மூன்றும் ஒரே நீண்ட துண்டாகின்றன. அதோடு ‘ட்ட’ போன்ற இரட்டிப்பும் இந்தச் சிதறலைக் கூட்டும். ஆங்கிலத்தில் மெய்கள் கூட்டமாக வருவதால் உண்டாகும் சிதறலும் தமிழில் இரட்டிப்பால் உண்டாகும் சிதறலும் எண்ணில் ஒன்றுபோலத்தான் தெரியும். மெதுவாகப் பேசினாலும் இந்த எண் ஏறும்.

ஆகவே தமிழுக்கு ஓர் அளவைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் உயிரின் பங்கை எடுப்பேன். அது தாளத்தைவிட அசையமைப்பைத்தான் அதிகம் காட்டுகிறது, ஆனாலும் கோடு போடுபவரின் கைக்கு ஏற்ப இவ்வளவு மாறாது. சோடி அளவை வைத்து மொழிகளை வகைப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே வாக்கியத்தைப் பலர் சொல்லும்போது அவர்களை ஒப்பிட அது உதவும். 2012இல் ஆர்வனிதி ஆறு மொழிகளில், ஒவ்வொன்றிலும் எட்டுப் பேரை வைத்து அளந்தபோது, வாக்கியமும் பேச வைத்த முறையும் ஆளும் மாறினாலே எண்கள் மாறுவதைக் கண்டார்.

இப்போது நான் குற்றியலுகரத்துக்குத் தனிக் குறியீடு போட்டு, சேர்த்தும் விட்டும் வரும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். அப்புறம் மழை விட்ட நாளாகப் பார்த்து, பெரியம்மாவை அதே வாக்கியங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லப் போகிறேன்.