செயலியில் தெரியும் தேன் பழுப்பு: நேரடிச் சாயமா, பிளீச் செய்துவிட்டா?

முடிக்கு எந்த நிறம் பொருந்தும் என்று காட்டும் செயலி, உங்கள் படத்தின் மேல் நிறத்தைப் பூசிக் காட்டுகிறது. அடியில் இருக்கும் கருமையை அது கணக்கில் எடுப்பதில்லை. சாயமோ கண்ணாடித்தாள் மாதிரி, அடிநிறம் அதன் வழியே தெரியும். முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை அளந்தால் நம் கருமுடி 1 அல்லது 2, தேன் பழுப்பு ஏறக்குறைய 7.

நிறம்
நேரடிச் சாயம்: பிளீச் இல்லாமல், சாயத்தில் கலக்கும் 6% பெராக்சைடு திரவமான டெவலப்பரோடு ஒன்றிரண்டு படிதான் வெளுக்கும். வீட்டுக்குள் கருப்பாகவும் வெயிலில் செம்பழுப்பாகவும் தெரியும்.
பிளீச்: கருமை விலகும்போது முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள் வெளிவரும். ஆரஞ்சு தாண்டி மஞ்சள் எட்டிப்பார்க்கும்போது கழுவி, வெளுத்த முடியின் நிறத்தைச் சரிசெய்யும் டோனர் போட்டால் தேன் பழுப்பு கிடைக்கும். ஆரஞ்சிலேயே நிறுத்தினால் செம்பு நிறம்தான்.

முடியின் நலம்
நேரடிச் சாயம்: பாதிப்பு குறைவு.
பிளீச்: முடி வறண்டு, நனைந்தால் ரப்பர் போல இழுபடலாம்.

பராமரிப்பு
நேரடிச் சாயம்: வேர் வளர்ந்தாலும் உறுத்தாது.
பிளீச்: சில வாரங்களில் டோனர் மங்கி ஆரஞ்சு தலைகாட்டும்.

ஏற்கெனவே கருப்புச் சாயம் போட்டவர்களுக்கு நேரடிச் சாயம் பலிக்காது. சாயம் சாயத்தை வெளுக்காது.

வெயிலில் மின்னினால் போதும் என்பவர்களுக்கு நேரடிச் சாயம் சரி. படத்தில் பார்த்த நிறமேதான் வேண்டும் என்றால் பிளீச்தான் வழி. அதற்கும் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.