சுய மதிப்பீட்டுப் பயிலரங்கு: சராசரியை விடுங்கள், சிதறலைப் பாருங்கள்

கட்டுப்பாட்டுச் சுய மதிப்பீட்டை உள் தணிக்கையில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1987-ல் கல்ஃப் கனடா எண்ணெய் நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் உருவான முறை இது. வேலையைச் செய்பவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, தங்கள் கட்டுப்பாடுகள் எந்த அளவுக்குப் பலன் தருகின்றன என்று அவர்களையே சொல்லவைக்கிறோம். கேள்வித்தாள் அனுப்பியும் இதைச் செய்யலாம். நான் அதை விட்டுவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' போட்டுத்தான் திரும்பி வரும்.

எனக்கு இது எங்கே கைகொடுத்தது என்பதற்கு ஓர் உதாரணம்: வெண்டரின் வங்கிக் கணக்கு மாற்றம். "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று வெண்டர் பெயரில் ஒரு போலி மெயில் வரும். நம்பி மாற்றினால் அடுத்த பேமென்ட் மோசடிக்காரனுக்குப் போய்விடும். இதைத் தடுக்க இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. வெண்டரைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்ய வேண்டும், பிறகு இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும்.

அரை நாள், ஒரே ஒரு பிராசஸ், பத்துப் பேர். பிராசஸ் ஓனரான பில் பட்டுவாடாப் பிரிவின் தலைவர், கொள்முதல் ஆட்கள், வெண்டர் விவரங்களை மாஸ்டர் டேட்டாவில் பதிவு செய்பவர்கள், ஒப்புதல் தருபவர்கள். நடத்துபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் இன்னொருவர். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும்.

"அழைத்து உறுதி செய்வது நிஜமாக நடக்கிறதா?" என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை பெயரில்லா வாக்கு. நான்கு பேர் 5, மூன்று பேர் 4, இரண்டு பேர் 2, ஒருவர் 1. சராசரி 3.7. அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போகக்கூடிய எண்தான். ஆனால் 3 போட்டவர் ஒருவர்கூட இல்லை. அறை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே வேலையை இரண்டு கூட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது.

இங்கே "1 போட்டது யார்?" என்று கேட்டால் கதை முடிந்தது. "எந்தச் சூழ்நிலையில் ஒருவர் 1 போடக்கூடும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு பதிவு செய்பவர் ஒருவர் சொன்னார்: "மாஸ்டர்ல இருக்கற நம்பருக்கு அடிச்சா பாதி நேரம் யாரும் எடுக்கறதில்ல சார். அதனால மெயில்லயே இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கறோம்."

அதாவது, மோசடிக்காரன் தந்த எண்ணிலேயே அவனிடம் உறுதி கேட்கிறோம். படிவத்தில் 'உறுதி செய்யப்பட்டது' என்று டிக் விழுகிறது. ஒப்புதல் தருபவர் பார்ப்பது அந்த டிக்கை மட்டும். தலைவர் 5 போட்டிருந்தாலும் அதில் பொய் இல்லை. அவர் மேசைக்கு வந்த படிவங்கள் எல்லாம் முழுமையாகத்தான் இருந்தன.

பயிலரங்கில் கேட்டதைத் தணிக்கைச் சான்றாக நான் வைத்துக்கொள்வதில்லை. எங்கே சோதிக்க வேண்டும் என்பதற்கான துப்பு அது, அவ்வளவுதான். எஸ்.ஏ.பி மென்பொருளில் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் CDHDR, CDPOS அட்டவணைகளிலிருந்து ஓராண்டின் வங்கிக் கணக்கு மாற்றங்களை முழுவதுமாக எடுத்தோம், சாம்பிள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் படிவத்தைத் தேடி, எந்த எண்ணுக்கு அழைத்தார்கள் என்று பார்த்தோம். பெரும்பாலானவற்றில் எண்ணே எழுதப்படவில்லை. படிவத்தில் அதற்கு இடமே கிடையாது! வங்கிக் கணக்கு மாறுவதற்குச் சற்று முன்பு வெண்டரின் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துத் தேடினோம். இரண்டும் அடுத்தடுத்து மாறியிருந்தால் அது கவலைக்குரிய ஜோடி. அப்படிப்பட்டவற்றைப் பழைய ஒப்பந்தத்தில் இருந்த எண்களுக்கு நாங்களே அழைத்துச் சரிபார்த்தோம்.

திருத்தத்தை எழுதியது பிராசஸ் ஓனர்தான். அழைத்த எண்ணும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதும் படிவத்தில் கட்டாயம். இரண்டாவது நபர் உறுதி செய்யும்வரை அந்த வெண்டருக்குப் பேமென்ட் தடை. தீர்வை நாங்களே வடிவமைத்துக் கொடுத்துவிட்டால், பின்னால் அதையே நடுநிலையாகத் தணிக்கை செய்வது சிரமம்.

ஒரு நிபந்தனை முக்கியம். அறையில் சொன்னவர் பெயர் அறிக்கையில் வராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மோசடி பற்றிய தகவல் மட்டும் விதிவிலக்கு என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒருமுறை யாராவது மாட்டிக்கொண்டால் அடுத்த பயிலரங்கில் எல்லோரும் 5 போடுவார்கள்.

குறைகளும் உண்டு. கூட்டுச் சதி இருக்கும் இடத்தில் இது எதையும் வெளிக்கொண்டு வராது. திருடுபவர் வாக்கு போட்டுச் சொல்லப் போவதில்லை. மேலதிகாரியைப் பார்த்து வாய் மூடும் பிரிவுகளில் பெயரில்லா வாக்கும் பாதிதான் உதவும். அங்கே தலைவர் இல்லாமல் தனி அமர்வு வைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பிராசஸுக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்ணையும் எங்கள் சோதனை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இரண்டும் தொடர்ந்து ஒத்துப்போகிற பிரிவுகளில் சாம்பிளைக் குறைக்கிறோம். மதிப்பெண் மேலேயும் சோதனை கீழேயும் இருக்கும் பிரிவுகள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முன்னால் வருகின்றன.