மாமாவின் பணத்துக்குத் திட்டம் எழுதுவது: ஆடிட்டர் ரிப்போர்ட்டா, நம் நாலு பக்கமா?

பாம்பனில் கருவாட்டுத் தொழில் தொடங்க, என் தாய்மாமா சவூதியில் சேர்த்து வந்த சேமிப்பிலிருந்து ஆறு லட்சம் தரச் சம்மதித்தார். "என்ன செய்யப்போறேன்னு எழுதிக் கொடு மாப்ள, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். ஆடிட்டர் ஆபீஸில் காசு கொடுத்து பேங்க் மாதிரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வாங்கலாம், அல்லது நாமே நாலு பக்கம் எழுதலாம். நான் நாமே எழுதுவதைத் தேர்ந்தேன். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஆடிட்டர் ரிப்போர்ட்டுக்கு அதற்கான இடம் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியக் கடன் கேட்கப் போகிறவருக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இல்லாமல் முடியாது. பல ஆண்டு லாப நஷ்டக் கணக்கு, கடன் அடைக்கும் திறன் விகிதம் எல்லாம் பேங்க் மேனேஜர் கேட்பவை. மாமா கேட்பது வேறு: என் பணம் எப்போது தீரும், திரும்பி வருமா?

அதற்கான பதில் ஆண்டுக்கணக்கில் கிடைக்காது. நம் கடற்கரையில் எல்லா மாதமும் ஒன்றில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு போகும், ஆனால் வரத்து குறைவு, விலையும் கூடும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் காயப்போட முடியாது. தடைக்காலத்தில் கருவாடு நல்ல விலை போகும் என்பது கரையில் எல்லாரும் அறிந்தது. ஆனால் அந்த விலையைப் பார்க்க, தடைக்கு முன்பே மீன் வாங்கிக் காயவைத்துச் சேர்த்திருக்க வேண்டும். ஏலத்தில் மீனுக்கு அன்றே ரொக்கம் கொடுக்கிறோம். மதுரை வியாபாரி ஒரு மாதம் கழித்துத்தான் தருவார். இந்த இடைவெளிதான் தொழிலைக் கவிழ்க்கும்.

அதனால் என் திட்டத்தின் நடுப்பக்கம் முழுவதும் மாதவாரியான பண வரவு செலவு. தொடக்கச் செலவு இரண்டு லட்சம்: கிடங்கு முன்பணம் 50,000, சிமென்ட் தளமும் உப்புத் தொட்டியும் 70,000, உலர்த்தும் வலைத்தட்டு, கிரேட், தராசு சேர்த்து 80,000. மீதி நாலு லட்சம். ஜனவரியில் மீன், உப்பு, கூலி, வாடகைக்கு 1.3 லட்சம் போகும், வரவு இல்லை, கையில் 2.7. பிப்ரவரியில் 1.6 செலவு, 50,000 வரவு, கையில் 1.6. மார்ச்சிலும் 1.6 செலவு, 90,000 வரவு, கையில் 90,000. ஏப்ரல் முதல் பாதியில் வாங்க அது போதும்.

மாமா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "வியாபாரி ஒரு மாசம் லேட்டாக் கொடுத்தா?" என்றார். வரவு வரிசையை மட்டும் ஒரு மாதம் தள்ளி எழுதினோம். பிப்ரவரி முடிவில் 1.1, மார்ச் முடிவில் ஒன்றுமில்லை. சரக்கு கூட்ட வேண்டிய கடைசி இரண்டு வாரத்தில் கை காலி! ஆண்டு லாபக் கணக்கில் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் வியாபாரி தர வேண்டிய பாக்கியும் அங்கே விற்பனையாகத்தான் நிற்கும். விகிதங்கள் மாமாவுக்குப் புரியாவிட்டாலும், வியாபாரி இழுத்தடிப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தட்டிக் கேட்கக்கூடிய கணக்காக இருந்ததுதான் இந்த நாலு பக்கத்தின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

அடுத்த பக்கத்தில், தொழிலை மூடினால் என்ன மிஞ்சும் என்று எழுதினேன். முன்பணம் 50,000 திரும்பும், தட்டும் கிரேட்டும் தராசும் பாதி விலைக்குப் போனால் 40,000 வரும். வாடகை இடத்தில் போட்ட சிமென்ட் தளத்துக்கு ஒரு ரூபாய் வராது. அப்போதுதான் இரண்டு கணக்கும் ஒரே இடத்தைக் காட்டின. தளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டோம். இந்த ஆண்டு வலைத்தட்டு மட்டும். உப்புக்கு வீட்டில் இருந்த பிளாஸ்டிக் டிரம். வியாபாரி தாமதித்தாலும் மார்ச் முடிவில் 70,000 இருக்கும். மூடினால் தொடக்கச் செலவில் போவது 1.1 லட்சத்துக்குப் பதில் 40,000. சேர்த்துவைத்த சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் இதில் சேர்க்கவில்லை. சரக்கு ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதுவும் போகும் என்று தனி வரியாகவே எழுதினேன்.

முதல் பக்கத்தில் தொழில் என்ன, யார் பார்ப்பது. கடைசிப் பக்கத்தில் மாமாவின் பணம் கடனா பங்கா என்பது. நாங்கள் கடனாக வைத்து, தடைக்காலம் முடிந்து சரக்கு விற்ற பின் ஜூலையிலிருந்து தவணை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பங்காகப் போடுவதில் எனக்கு அனுபவம் குறைவு. கூட்டு ஒப்பந்தம், வரி என்று வரும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஆடிட்டரிடம் கொடுத்து எழுதி வாங்குவது நல்லது.