மாற்றி எழுதிய பிரதியைச் சரிபார்க்க எந்த வழி நல்லது?

கஷ்டமான மொழியில் இருக்கும் குறிப்பை எளிமையாக்கி எழுதித் தருவது இப்போது பலருக்கும் அன்றாட வேலை. எழுதி முடித்த பிறகு மூலத்தோடு ஒத்துப்பார்ப்பதில்தான் ஆளுக்கொரு வழி. சிலர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படிப்பார்கள், சிலர் கணினியிடம் விட்டுவிடுவார்கள், சிலர் வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எது எதைப் பிடிக்கிறது என்று ஒரே பிரதியில் போட்டுப் பார்க்கலாம்.

பரிசோதனைக்கு ஓ.ஆர்.எஸ். குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். வாசகம் நான் எழுதியது, அளவுகள் உலக சுகாதார நிறுவனம் சொல்பவை. மூலம் இது:

"பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைக்கவும். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருந்த கரைசலைக் கொட்டிவிடவும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் 50 முதல் 100 மி.லி. கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாகத் தொடரவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இக்கரைசல் உடலில் நீர் வற்றாமல் காக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தையால் சரியாகக் குடிக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்."

மாற்றி எழுதியது:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? பயப்பட வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொடியைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து அவ்வப்போது கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுங்கள். தாய்ப்பாலும் தொடரலாம். இது வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தி, குழந்தைக்குத் தெம்பு தரும். ரத்தம் கலந்து போனாலோ குழந்தை ரொம்பச் சோர்ந்துபோனாலோ டாக்டரைப் பாருங்கள்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சிக்கலே. சரளமாக இருக்கும் பிரதியில் கண் எங்கும் தடுக்கி நிற்காது.

முதலில் கணினி வழி. வேர்டில் Review பகுதியில் இருக்கும் Compare, இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும். முழுதாக மாற்றி எழுதிய பிரதியில் இதைப் போட்டால் பக்கமே சிவப்பாகிவிடும். எல்லாச் சொல்லும் மாறியிருக்கும்போது எது ஆபத்தான மாற்றம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் சரிபார்த்து முடித்த பிரதியில் வேறொருவர் 'சின்னச் சின்னத் திருத்தம்' செய்து அனுப்பினால், அப்போது இதை விட்டால் வேறு வழியில்லை. ஒரு 'கூடாது' காணாமல் போயிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, இது இரண்டாம் சுற்றுக்கான கருவி.

அடுத்து, பெரும்பாலானோர் செய்யும் வரிக்கு வரி ஒப்பீடு. இதில் எந்தப் பிரதியிலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். மூலத்திலிருந்து தொடங்கினால் விட்டுப்போனவை மாட்டும். 'ஒரு லிட்டர்' இல்லை. 'வேறெதுவும் சேர்க்க வேண்டாம்' இல்லை. 50 முதல் 100 மி.லி. என்பது 'அவ்வப்போது' ஆகிவிட்டது. 'உடனே' போய்விட்டது. 'சரியாகக் குடிக்க முடியாவிட்டால்' என்று தாய் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அறிகுறி, 'ரொம்பச் சோர்ந்துபோனால்' என்று ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒன்றாகிவிட்டது.

இவற்றில் 'ஒரு லிட்டர்' போனதுதான் மன்னிக்கவே முடியாதது. ஓ.ஆர்.எஸ்.ஸின் உயிரே உப்பும் குளுக்கோஸும் தண்ணீரும் கலக்கும் விகிதத்தில் இருக்கிறது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 90 மில்லிமோல் இருந்த சோடியத்தை 75-ஆகக் குறைத்தது. அந்த அளவு நுணுக்கமாகப் பார்க்கிற விஷயம் இது. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். தண்ணீர் அதிகமானால் இழந்த உப்பு ஈடாகாது. நம் ஊர் மருந்துக்கடைகளில் 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது என்பதால் குழப்பத்துக்கு இன்னும் இடமுண்டு. நான் திருத்தினால் "ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், உறையில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள்" என்று போடச் சொல்வேன். மூலத்தில் இல்லாத வரி என்பதால் ஒரு மருத்துவரின் சம்மதம் வாங்கித்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. இரண்டு பிரதியிலும் எண்களை மட்டும் வட்டமிடுங்கள். மூலத்தில் 24, 2, 50, 100, 10 என்று வரிசையாக வரும். மாற்றி எழுதியதில் வட்டமிட ஒரு இலக்கம்கூட இல்லை! அரை நிமிட வேலை, ஆனால் பாதித் தப்பு வெளியே வந்துவிடும்.

மூலத்திலிருந்து தொடங்கினால் மாட்டாதது ஒன்று உண்டு: புதிதாக நுழைந்தவை. மூலத்தின் கடைசி வாக்கியத்துக்கு ஜோடி கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். ஜோடி இல்லாமல் நிற்கும் வாக்கியங்களை யாரும் கேட்பதில்லை. அதனால் எதிர்த்திசையிலும் போக வேண்டும். மாற்றி எழுதியதில் ஒவ்வொரு கூற்றாக எடுத்து, "இது மூலத்தில் எங்கே?" என்று கேட்டு, அந்த வரியின் எண்ணைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். எண் போட முடியாதது சேர்க்கை.

'குழந்தைக்குத் தெம்பு தரும்' அப்படித்தான் மாட்டுகிறது. மூலத்தில் எங்குமே இல்லை. 'வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தி' என்பது அதைவிட மோசம், மூலம் சொன்னதற்கு நேர் எதிர். இதை நம்பும் தாய், இரண்டு வேளை கொடுத்தும் போக்கு நிற்கவில்லையே என்று கரைசலைத்தான் நிறுத்துவாள். 'பயப்பட வேண்டாம்' என்ற ஆறுதலும் சேர்க்கைதான். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் கீழே வரும் ஆபத்து அறிகுறிகளின் காரத்தைக் குறைத்துவிடுகிறது. நேரம் ஒரு சுற்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மருந்துக் குறிப்புக்கு மூலத்திலிருந்து தொடங்குவேன். விளம்பரம், செய்திக் குறிப்பு மாதிரி மிகைப்படுத்தத் தூண்டும் எழுத்துக்கு எதிர்த்திசைதான்.

இரண்டு திசையிலும் நழுவுவது பொருள் சாய்வு. 'நிறுத்தக் கூடாது' என்பதும் 'தொடரலாம்' என்பதும் ஜோடி சேர்ந்துவிடும், எண்ணும் போட்டுவிடுவோம். கட்டளை அனுமதியாக இளகிப்போனது எழுதியவரின் கண்ணில் படாது, ஏனென்றால் மூலம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் மூன்றாவது வழி: மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் புதுப் பிரதியை மட்டும் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு வீட்டில் என்னென்ன செய்வீர்கள்?" என்று கேட்பது. 'புரிந்ததா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

'ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்' என்பது சாய்ந்திருப்பதை இந்தக் கேள்வி வெளியே கொண்டுவரும். "ராத்திரிக்குள்ள முழுசையும் குடிக்க வெச்சிடணும், இல்லையா?" என்று பதில் வந்தால் தெரிந்துவிடும், மிச்சத்தைக் கொட்டச் சொன்ன மூலம் குழந்தைக்குப் புகட்டச் சொல்வதாகிவிட்டது என்று. ஆனால் இந்த வழியை மட்டும் நம்ப முடியாது. விட்டுப்போன எச்சரிக்கையை அவர் எப்படிக் கேட்பார்? 'தெம்பு தரும்' என்றாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நான் போகும் வரிசை இது. முதலில் புதுப் பிரதியை மூடி வைத்துவிட்டு, மூலத்திலிருந்து அளவுகள், 'கூடாது'கள், 'உடனே'கள், நிபந்தனைகள் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்வேன். பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால், அதில் இருப்பதை மட்டுமே மூலத்திலும் கண் தேடும். அந்தப் பட்டியலை வைத்து ஒரு சுற்று, எதிர்த்திசையில் ஒரு சுற்று, கடைசியில் வெளியாள். வெளியாளின் பதிலைக் கேட்டு வாக்கியத்தை மாற்றினால், மாற்றிய அந்த வாக்கியத்தை மட்டுமாவது பட்டியலோடு மறுபடி ஒத்துப்பார்ப்பேன். 'தீர்த்துவிடுங்கள்' என்பதை அவசரமாக 'மறுநாள் பயன்படுத்தாதீர்கள்' என்று திருத்தினால், ராத்திரி 10 மணிக்குக் கரைத்ததை விடிந்ததும் கொட்டிவிடுவார்கள்.