வாசலுக்கு 6 எம்எம் புல்லட், நடைக்கு 2.8 எம்எம் டோம்: சில வருடப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் வாசல் கேட் 4 மீட்டர் அகலம். குழல் வடிவக் கண்காணிப்புக் கேமராவான புல்லட்டை மாட்டியிருக்கும் சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் 2.8 எம்எம் லென்ஸ் ஏறத்தாழ 105 டிகிரி பார்க்கும். அந்தத் தொலைவில் படத்தின் அகலம் 15 மீட்டருக்கு மேல் விரிவதால், அந்த அகலத்துக்கு உள்ள 1920 பிக்சலைப் பங்கிட்டால் ஒரு மீட்டருக்குச் சுமார் 120 பிக்சல்தான் கிடைக்கும். தெரிந்தவரை அடையாளம் காண அது ஓரளவு போதும். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை உறுதியாகச் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராத் துறையின் பொதுவான அளவுகோல். 50 டிகிரியளவு பார்க்கும் 6 எம்எம் லென்ஸில் படத்தின் அகலம் ஐந்தரை மீட்டராகச் சுருங்குகிறது. கேட் முழுவதும் அடங்குவதோடு மீட்டருக்கு 340 பிக்சலும் கிடைக்கிறது. தெருவின் இரு பக்கமும் தெரியாமல் போவது உண்மைதான், ஆனால் அந்தப் பரப்பை இந்தக் கேமராவிடம் எதிர்பார்ப்பதே தவறு.

உயரத்தை 2.5 மீட்டரில் நிறுத்தினேன். முகம் 1.6 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால், கேட்டருகே நிற்பவரைக் கேமரா 9 டிகிரிக்கும் குறைவான சரிவில் பார்க்கிறது. 4 மீட்டரில் மாட்டினால் அது 22 டிகிரியாகிவிடும். தொப்பி அணிந்தவரின் முகம் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். கை எட்டும் உயரம் என்பதால் யாரேனும் திருப்பிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே, புல்லட்டின் பலவீனமும் அதுதான்; திருகுகளை இறுக்கி, கேபிளை வெளியே தெரியாமல் சுவருக்குள் கொண்டுபோனால் ஓரளவு சமாளிக்கலாம்.

அன்றாடத் தொல்லை என்னவோ சிலந்திதான். இருட்டில் படம் பிடிக்கக் கேமராவில் எரியும் ஐஆர் எனப்படும் அகச்சிவப்பு விளக்கருகே பூச்சிகள் வர, அவற்றைத் தேடிச் சிலந்தி வந்து லென்ஸ் முன்னால் நூல் கட்டும். ஐஆர் ஒளியில் அந்த ஒற்றை இழை தடித்த வெள்ளைக் கோடாக ஆடி, அசைவுப் பதிவை இரவு முழுவதும் தூண்டிக்கொண்டே இருக்கும்.

10 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள நடைக்கு, அரைக்கோள மூடிக்குள் லென்ஸ் உள்ள டோம் பொருத்தமாக இருந்தது. அதன் லென்ஸை உள்ளேயே 90 டிகிரி திருப்பி, அமைப்பில் படத்தையும் சுழற்றிவிட்டால், இரு பக்கச் சுவர்களில் வீணான பிக்சல்கள் நடையின் நீளவாக்கில் பயன்படுகின்றன. பிக்சல் அடர்த்தி இதனால் கூடுவதில்லை. கேமராவுக்குக் கிட்டே இருக்கும் தரையும் தூரத்துக் கதவும் ஒரே படத்தில் வருவதுதான் ஆதாயம்.

டோமை வெளியே மாட்ட எனக்கு விருப்பமில்லை. மூடியில் விரல் தடமோ தூசியோ படிந்தால் பகலில் அது படத்தில் தெரியாது. இரவில் ஐஆர் ஒளி அதில் சிதறி, படம் முழுவதும் பால் கலந்ததுபோல் வெளிறும். அப்படி வெளிறினால் மூடியைக் கழற்றிவிட்டு இருட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும். படம் தெளிந்தால் குறை மூடியிலோ, லென்ஸைச் சுற்றி மூடியோடு ஒட்டியிருக்க வேண்டிய ரப்பர் வளையம் விலகியதிலோ இருக்கிறது. தெளியாவிட்டால், பக்கத்துச் சுவரோ கூரையோ ஒளியைத் திருப்பி அனுப்புகிறதா என்று பார்த்து, லென்ஸின் பார்வையைச் சற்று நகர்த்த வேண்டும்.