பதினான்கு கேள்விகளா, நான்கு கேள்விகளா? முதல் தகவல் சந்திப்புக்குத் தயாராவது

ஒரு துறையில் இருப்பவரிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, அவருடைய வேலையைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ. பெயரில் இன்டர்வியூ இருந்தாலும் இங்கே கேள்வி கேட்கப்போவது நீங்கள்தான்.

கணக்குப் பிரிவில் மூன்று வருடம் இருந்த என் தங்கை, டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறலாமா என்று பார்க்க, ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் 20 நிமிடம் கேட்டிருந்தாள். முதல் சந்திப்புக்கு 14 கேள்விகள் எழுதிக்கொண்டு போனாள். அடுத்ததற்கு நான்கே நான்கு.

20 நிமிடத்தில் 14 என்றால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. “ஒரு நாள் எப்படிப் போகும்?” என்று கேட்டாள். “ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி” என்றார். “என்ன திறமை வேண்டும்?” என்றதற்கு எக்செல், டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் என்று வேலை விளம்பரத்தில் இருப்பதையே சொன்னார். நடுவில் ஒருமுறை, “மாதக் கடைசியில்தான் கொஞ்சம் சிரமம்” என்றார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் பட்டியலில் அடுத்த கேள்வி காத்திருந்ததால் அவள் அதற்குத் தாவிவிட்டாள்.

இரண்டாவது சந்திப்புக்கு முன், அந்தத் துறையின் வேலை விளம்பரங்கள் சிலவற்றையும் அவருடைய பணி விவரங்களையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தாள். விற்பனையில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் மாறியவர் அவர். அதை வைத்தே முதல் கேள்வி: “மாறிவந்த முதல் ஆறு மாதத்தில் பழைய அனுபவத்தில் எது கைகொடுத்தது?” அடுத்தது: “போன வாரம் எந்த வேலைக்கு அதிக நேரம் பிடித்தது?” மூன்றாவது: “புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எங்கே தடுமாறுகிறார்கள்?” கடைசியாக: “என் பின்னணியில் உங்களுக்கு என்ன குறை தெரிகிறது?”

இவற்றில் இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போன வாரம் என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. அவரும் நடந்ததையே சொன்னார்: “இரண்டு ரிப்போர்ட்டில் விற்பனைத் தொகை ஒத்துப்போகவில்லை. மூன்று நாள் அதிலேயே போயிற்று. ஒன்றில் திரும்பி வந்த சரக்கைக் கழித்திருந்தார்கள், இன்னொன்றில் கழிக்கவில்லை.” கணக்கைச் சரிபார்ப்பது என் தங்கை மூன்று வருடமாகச் செய்த வேலை. “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று உடனே கேட்டாள். இரண்டு டேபிள்களை பில் எண்ணை வைத்து எஸ்கியூஎல்லில் இணைத்துப் பார்த்ததை அவர் விளக்கினார். எது தன் கையில் ஏற்கெனவே இருக்கிறது, எதை இனி கற்க வேண்டும் என்பது அந்த ஒரு பதிலில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சரி, நான்கு கேள்வி எப்போதும் போதுமா? சுருக்கமாகப் பேசுகிறவர் அமைந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் உபரியாக இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். சம்பளம் கேட்பதானால் அவருடையதைக் கேட்காதீர்கள். “தொடக்க நிலைக்கு இந்த அளவு என்று பார்த்தேன், சரிதானா?” என்றால் சங்கடமில்லாமல் பதில் வரும்.

இனி, முடிப்பது. 17-வது நிமிடத்தில், “இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, கடைசியாக ஒன்று” என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கடிகாரம் பார்க்கும்வரை இழுக்கக் கூடாது. அந்த மூன்று நிமிடத்தில் என்ன கேட்பது?

“உங்கள் இடத்தில் வேலை இருக்கிறதா?” என்று கேட்கலாம். முதல் சந்திப்பை அவள் இப்படித்தான் முடித்தாள். தகவலுக்காக என்று சொல்லி நேரம் வாங்கியிருந்ததால், அவர் முகம் மாறிவிட்டது. அவரே ரெஸ்யூமே கேட்டால் அன்றே அனுப்பலாம், அது வேறு. வெறும் நன்றியோடு எழுந்து வருவது மரியாதைதான், ஆனால் பாதை அங்கேயே நின்றுவிடும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: “கணக்கிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர் யாரையாவது தெரியுமா? உங்கள் பெயரைச் சொல்லி நானே அவருக்கு எழுதலாமா?” இப்படிக் குறிப்பாகக் கேட்டால்தான் ஒரு முகம் அவர் நினைவுக்கு வரும். எழுதும் வேலையையும் அவர் தலையில் கட்டவில்லை. நெருங்கியவர்களைவிட, அவ்வளவாகப் பழகாதவர்கள் வழியாகவே புதிய வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். நீங்கள் சந்தித்தவர் சொல்லும் பெயர் அப்படிப்பட்ட வழிதான்.

அப்புறம், நன்றிச் செய்தி மறுநாளுக்குள் போய்விட வேண்டும், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு. மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று. என் தங்கை எழுதியது இரண்டே வரி: “நீங்கள் சொன்னபடி டேபிள்களை இணைக்கக் கற்றுக்கொண்டு எங்கள் பழைய பில்களில் செய்து பார்த்தேன், 11 பில்கள் ஒத்துப்போகவில்லை. நீங்கள் சொன்னவரை வெள்ளிக்கிழமை சந்திக்கிறேன்.” அன்று மாலையே, அந்த 11 பில்களில் என்ன தவறு என்று கேட்டு அவரிடமிருந்து பதில் வந்தது.